பல் வலி என்று வந்த விடுப்பு

பல் வலி என்று எழுதி லீவு கேட்ட மனுஷனுக்குக் கீழ் வரிசையில் ஒரு பல் கூடக் கிடையாது. அது எங்கள் மில்லில் ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்குக் காலையிலேயே யாராவது சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருப்போம். போயிருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ மாட்டாரோ, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் பாய்லருக்கு உமி தள்ளுகிறவன். ஆறாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அவர் பேர் அமிர்தலிங்கம். கூத்தாநல்லூர் அப்துல் வஹாப் முதலாளி ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற மேஸ்திரி. வயது ஐம்பத்தெட்டோ என்னவோ. ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி நெல் இருக்கும். பேச்சு குறைச்சல். சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வார். அது பெரிய மனுஷத்தனம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அவருக்கு முன்னால் இருந்த மேஸ்திரிகள் எல்லாரும் அவிந்த நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துத்தான் பதம் பார்ப்பார்கள். இவர் கடிக்க மாட்டார். நகத்தால் உமியைக் கீறி, அரிசியை ரெண்டு விரலில் வைத்து நசுக்கிப் பார்ப்பார். "எறக்கு" என்பார். அவ்வளவுதான். லோடு ஏற்றுகிற ஜெக்கரியா ஒரு நாள் கேட்டே விட்டான்.

"ஏன் மேஸ்திரி, கடிச்சா பல்லு தேஞ்சிடுமா?"

"மொதலாளி நெல்லுடா. நான் தின்னுட்டா அவருக்கு எடை கொறையும்."

அதற்கு ஒரு வாரம் சிரித்தோம்.

குடவாசல் பக்கம் குத்தகைக்கு நிலம் வைத்திருந்தவர். ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வராமல் ரெண்டு குறுவை கையை விட்டுப் போனதும் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மில்லுக்கு வந்தார். நடுவில் வெளிநாடு போகிற ஆசையில் பாஸ்போர்ட் எடுத்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எடுக்காதவன் யார்? வீட்டுக்கு ஒருத்தன் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பான். இவர் போகவில்லை. மெடிக்கலில் சர்க்கரை என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். பாஸ்போர்ட்டை மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். அவருக்குப் பதிலாக மகள் பிரகதீஸ்வரி கல்யாணமாகி சிங்கப்பூர் போனாள். மாப்பிள்ளை செந்தில்குமார் அங்கே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர்.

அந்த வருஷம் மகளுக்குப் பிரசவம். பார்த்துக்கொள்ள அமிர்தலிங்கத்தின் சம்சாரம் கமலாம்பாள் சிங்கப்பூர் போயிருந்தது. திருவாரூர் தாண்டி ரயிலில் கூடப் போகாத பொம்பளை, திருச்சியில் விமானம் ஏறிப் போனது. வீட்டில் இவர் தனி. காலையில் கொஞ்சம் சோறு வடித்து, மீதியில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு மில்லுக்கு வந்துவிடுவார்.

இனி அந்த மெசேஜ் சங்கதி.

முன்பெல்லாம் எங்கள் மில்லில் லீவு என்றால் சொல்லி அனுப்புவதுதான். உடம்பு முடியாதவன் வீட்டிலிருந்து யாராவது வருவார்கள். தம்பி வருவான், சம்சாரம் வரும், இல்லாவிட்டால் அந்தப் பக்கமாக வருகிற பால்காரன் வருவான். கேட்டில் நின்று சொல்லிவிட்டுப் போவான். பெரிய முதலாளி வஹாப் பாய் அவனை உடனே விட மாட்டார். "என்னத்த சாப்ட்டான்? எழுந்து நடக்குறானா? மூஞ்சி எப்படிடா இருந்துச்சு?" என்று நாலு கேள்வி கேட்பார். பொய் லீவு போடுகிறவன் அந்த நாலு கேள்விக்கே பயப்படுவான். மெய்யாக முடியாதவனுக்கு மத்தியானம் பாய் வீட்டிலிருந்து கஞ்சி போகும்.

அப்புறம் மகன் ஜாஹித் துபாயிலிருந்து திரும்பி வந்தான். அங்கே பெரிய கடை ஒன்றில் நாற்பது பேருக்கு மேலாளாக இருந்தவன். நல்ல பிள்ளை. கோபம் வந்தாலும் வாங்க போங்கதான். அரிசியில் கறுப்பு பொறுக்குகிற மிஷினை அவன்தான் இறக்கினான். எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலம். "இனிமே சொல்லி அனுப்புற கதையெல்லாம் வேணாம். எனக்கு நேரா மெசேஜ் போடுங்க" என்றான்.

முதல் மாதம் ஒரே கூத்து. ஜெக்கரியா "உடம்பு சரியில்லை" என்று ரெண்டே வார்த்தை அனுப்பினான். அன்றைக்கு எர்ணாகுளம் லாரி வந்து நிற்கிறது, குடோன் சாவி இவன் இடுப்பில். இன்னொருத்தன் ஒரு முழுப் பரீட்சை எழுதினான். முதலாளி அவர்களுக்கு, அடியேன், மன்னித்தருள வேண்டும், பிள்ளைகுட்டிக்காரன், காலில் விழுகிறேன் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசி வரைக்கும் என்ன உடம்பு, யார் வேலையைப் பார்ப்பார்கள் என்று வரவே இல்லை.

ஜாஹித் எல்லாரையும் எடைமேடை பக்கத்தில் நிற்க வைத்தான்.

"மூணே மூணு விஷயம். ஒண்ணு, என்ன உடம்பு. ரெண்டு, திடீர்னு சொல்றதுக்கு ஒரு மன்னிப்பு, ஒண்ணு போதும். மூணு, கையில இருக்கற வேலை எந்த நெலமையில இருக்கு, யார் பாத்துப்பாங்க. படிச்சா நான் திரும்பப் போன் போட்டுக் கேக்கற மாதிரி இருக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"தம்பி, செத்துப் போனா?" என்றான் ஜெக்கரியா.

"அப்பவும் சாவி யார்கிட்டன்னு சொல்லிட்டுச் சாவுங்க."

சிரித்தோம். அமிர்தலிங்கமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நெல் அவிக்கிற வேலையில் அந்த மூன்றாவது சங்கதிதான் உயிர். ஊறுகிற நெல் காத்திருக்காது. தொட்டியில் நெல்லைப் போட்டுத் தண்ணீர் நிரப்பினால், நடுவில் ஒரு தடவை தண்ணீரை வடித்து மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் புளித்து நாறும். குறைச்சலாக ஊறினால் அரிசி நடுவில் வெள்ளையாக நிற்கும். அதிகம் ஊறினால் அந்த வாடை சோறு வரைக்கும் போகும். அதனால் மேஸ்திரி வரவில்லை என்றால் எந்தத் தொட்டி எப்போது ஊறியது என்று அடுத்தவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அதுவரைக்கும் அமிர்தலிங்கம் லீவே போட்டதில்லை. தெரிய வேண்டிய அவசியம் எங்களுக்கு வரவில்லை.

ஐப்பசி மாதம். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் பாய்லரைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தேன். ஜாஹித் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசிலிருந்து இறங்கி வந்தான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"செல்லதுரை அண்ணே, இங்க பாருங்க. இப்படி எழுதணும். எல்லாரும் கேளுங்க."

உரக்கப் படித்தான். அது என் தலையில் அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி, எனக்குப் பல் வலி. இன்று வர முடியவில்லை. திடீரென்று சொல்வதற்கு மன்னிக்கவும். மூணாம் தொட்டி நேற்று சாயங்காலம் ஊறப்போட்டது. வந்ததும் தண்ணீர் மாற்றணும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவிக்கலாம். மற்ற தொட்டி காலி. டிரையரில் இருப்பது ஈரம், இறக்க வேண்டாம். சாவி கேட் ரூமில் ஆணியில் இருக்கு. செல்லதுரை பார்த்துக்கொள்வார். நாளை வந்துவிடுவேன். அமிர்தலிங்கம்."

"பல் வலியா?" என்றான் ஜெக்கரியா. "இவ்வளவு வருஷத்துல மொத லீவு. அதையும் பல்லுக்குப் போட்டிருக்காரு பாரு. மனுஷன் ஒரு காய்ச்சல்னு எழுதக் கூடாது?"

அது எங்கள் வழக்கம். கல்யாணம், கோவில் திருவிழா, அறுப்பு, மாமனார் வீட்டு விருந்து, எதுவானாலும் மெசேஜில் காய்ச்சல்தான். அந்த மழைக்காலத்தில் ஊர் முழுக்க விஷக்காய்ச்சல் வேறு. காய்ச்சல் என்று எவனாவது எழுதினால் ஜாஹித்தே வண்டியில் ஆள் அனுப்பி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கச் சொல்லுவான். பல்லுக்கு யார் போவார்கள்?

ஜாஹித் "ஓகே மேஸ்திரி, ரெஸ்ட் எடுங்க" என்று பதில் போட்டான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கேட்க வேண்டியது ஒன்றுமே இல்லை. எல்லாம் அதில் இருந்தது. அவன் சொன்னபடியே, திரும்பப் போன் போட்டுக் கேட்கத் தேவையில்லாத மாதிரி.

நான் தொட்டிக்குப் போனேன். அவர் எழுதினதுபோலவே மூணாம் தொட்டி மட்டும் நிரம்பியிருந்தது. தண்ணீரை வடித்து மாற்றினேன். தொட்டி, பாய்லர் ரெண்டையும் ஒருத்தனே பார்த்தால் மூத்திரம் பெய்யக் கூட நகர முடியாது. மத்தியானம் ஆவி விட்டு, நெல் வாய் பிளந்ததும் எடுத்துக் கடித்துப் பார்த்தேன். எனக்குத்தான் பல் இருக்கிறதே. சரியான பதம்.

சாயங்காலம் வேலை முடிந்ததும், அவிப்பு நல்லபடி முடிந்தது என்று சொல்லிவிட்டு வரலாம் என்று சைக்கிளில் அவர் வீட்டுப் பக்கம் போனேன். அவர் விசாரிப்பார் என்று தெரியும். நாளைக்கு வந்ததும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வழியில் கடையில் கிராம்பு கொஞ்சம் வாங்கிக்கொண்டேன், பல் வலிக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று.

கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுப் பூவம்மாள் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி இருக்காரா அக்கா?"

"காலையில கொழாயடியில பாத்தேன். தாடையைப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு. என்னண்ணேன்னேன். பல்லு குத்துதும்மான்னாரு. வேர்த்திருந்துச்சு. இந்த மழையில என்ன வேர்வைன்னு நெனைச்சேன். அப்புறம் பாக்கல. தூங்குறாரு போல."

உள்ளே போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தொட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போன் மடியில் கிடந்தது. பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர் தண்ணீர். அதற்குள் பல் வரிசை. முதலில் எனக்கு அது என்ன என்றே புரியவில்லை. அப்புறம் அவர் வாயைப் பார்த்தேன். அந்த வாயை நான் பார்த்ததே இல்லை. உள்ளே இழுத்துக்கொண்டு, யாரோ வயசான வேறு ஒருத்தர் மாதிரி இருந்தார்.

பூவம்மாளைக் கூப்பிட்டேன். பூவம்மாள் கூப்பிட்டு ஊர் வந்தது. டாக்டர் வந்து பார்த்தார், காலையிலேயே உயிர் போயிருக்கிறது என்றார். மாரடைப்பு. சர்க்கரை இருக்கிறவர்களுக்குச் சில சமயம் நெஞ்சு வலிக்காது, தாடையில் வலிக்கும், பல் வலி மாதிரியே இருக்கும் என்றார். எங்களுக்கு அது புதுசு. இப்போது எங்கள் மில்லில் எல்லாருக்கும் தெரியும்.

பல்செட்டு ஈறில் அழுத்துகிறது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கழற்றித் தண்ணீரில் போட்டிருக்கிறார். கழற்றின பிறகும் வலித்திருக்கும். அப்போது என்ன நினைத்தாரோ. அதற்குள் மெசேஜ் போயாகிவிட்டது.

பெரிய முதலாளி வஹாப் பாய் வந்தார். முழங்கால் முடியாதவர், ரெண்டு பேர் பிடித்துக் கூட்டிவந்தார்கள். மேஸ்திரி முகத்தைக் குனிந்து பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"யார்டா வந்து சொன்னா?"

"மெசேஜ்தான் வாப்பா."

"மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு கேட்டியா?"

ஜாஹித் சட்டைப் பையில் கையை விட்டான். போனை எடுத்தான், திரும்ப உள்ளே வைத்தான். அவன் மேல் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒழுங்காக நடக்க வேண்டும் என்று நினைத்தான், ஒழுங்காக நடந்தது. ஐஸ் பெட்டிக்கும் மற்ற செலவுக்கும் அவன்தான் முன்னால் நின்றான். திருச்சிக்கு வண்டி எடுத்துக்கொண்டு அவனே போனான், கமலாம்பாளைக் கூட்டிவர. பச்சை உடம்புக்காரி என்பதால் மகள் வர முடியவில்லை. மாப்பிள்ளையும் அவளைத் தனியாக விட்டு வர முடியவில்லை. கொள்ளிச்சட்டி அவருடைய பங்காளி மகன் சாரங்கபாணி பிடித்தான்.

வண்டியில் என்ன பேசினார்கள் என்று பிறகு ஜாஹித் என்னிடம் சொன்னான். தஞ்சாவூர் தாண்டின பிறகு, "மில்லுல யாருக்காவது தொந்தரவா போச்சா தம்பி?" என்று மட்டும் கமலாம்பாள் கேட்டதாம். இல்லைம்மா, எல்லாம் சொல்லிட்டுத்தான் போனார் என்றானாம்.

காரியம் முடிந்து ரெண்டு நாள் கழித்து மேஸ்திரி சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வர என்னை அனுப்பினார்கள். கமலாம்பாள் தரையில் உட்கார்ந்திருந்தது. முன்னால் அவர் போன்.

"செல்லதுரை, இதுல கடைசியா என்ன எழுதினாருன்னு படிச்சுக் காட்டுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது."

படித்தேன். மூணாம் தொட்டி, தண்ணீர், டிரையர், சாவி எல்லாவற்றையும் கேட்டது. முடிந்ததும் முதல் வார்த்தைக்கு வந்து நின்றது.

"பல்லு வலியாமா?"

"ஆமா."

"கீழ்ப் பல்லு அத்தனையும் புடுங்கி எத்தனையோ வருஷமாச்சு. சக்கரையில ஆடிப்போச்சுன்னு ஒவ்வொண்ணா எடுத்தாங்க. வெளியில சொல்லாதேன்னாரு. மில்லுல சிரிப்பாங்கன்னு."

சிரித்திருப்போம்தான். ஒரு வாரம் சிரித்திருப்போம். அப்புறம் மறந்திருப்போம்.

"நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேன். செட்டைக் கழட்டுங்க, வலி நிக்குதான்னு பாப்போம், நிக்கலன்னா பல்லு இல்ல, ஆஸ்பத்திரிக்குப் பொறப்படுங்கன்னு."

அப்புறம் போனை என் பக்கம் தள்ளியது.

"அன்னைக்குக் காலையில எனக்குப் போன் வந்துச்சுல்ல, அது இதுக்கு முன்னாடியா, பின்னாடியா? பாருங்க."

எனக்குப் புரியவில்லை. கமலாம்பாள் விளக்கிச் சொன்னது. சிங்கப்பூருக்குப் பேசினால் காசு நிறையப் போகும் என்று ரெண்டு பேரும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்களாம். தினம் காலையில் அவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு மணி அடித்ததும் வைத்துவிடுவார். எழுந்துட்டேன், நல்லாருக்கேன் என்று அர்த்தம். கமலாம்பாள் எடுக்காது. எடுக்கக் கூடாது என்பதுதான் பேச்சு.

போன போன்களின் வரிசையைத் திறந்து பார்த்தேன். கடைசியாக சிங்கப்பூர் நம்பர். மில்லுக்கு மெசேஜ் போட்டதற்குப் பிறகுதான்.

"பின்னாடிதான்" என்றேன்.

கமலாம்பாள் தலையை ஆட்டியது. அழவில்லை. அழுகிறதெல்லாம் முடிந்துபோன மாதிரி இருந்தது.

"அடுப்படியில இருந்தேன். பாப்பாவைக் குளிப்பாட்ட வெந்நி வச்சிருந்தேன். மணி அடிச்சுது. எப்பவும் ஒண்ணு அடிச்சு நின்னுடும். அன்னைக்கு ரெண்டு அடிச்சுது. மூணு அடிச்சுது. கை தவறி இருக்கும்னு நெனைச்சேன். எடுத்தா காசு போயிடும்னு ஏசுவாரேன்னு எடுக்கல."

வெளியே மழை விட்டிருந்தது. பூவம்மாள் வீட்டில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது.

"நல்லாருக்கேன்னா ஒரு மணின்னு பேசி வச்சோம். நல்லா இல்லன்னா எத்தனைன்னு நாங்க பேசிக்கவே இல்ல, செல்லதுரை."

சம்பளக் கவரை அது பக்கத்தில் வைத்தேன். போனை அணைத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றது.